0.5 மில்லிசெகண்டு டைமரா, ஹை பெர்ஃபார்மன்ஸ் பிளானா, சும்மா விடுவதா?

தம்பி போன மாதம் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கினான். விண்டோஸ் 11. வாங்கிய இரண்டாம் நாளே யார் சொன்னதையோ கேட்டு ஒரு டைமர் டூலைப் போட்டு 0.5 மில்லிசெகண்டில் பூட்டினான், பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினான், போதாதென்று விண்டோஸின் பூட் செட்டிங்கை மாற்றும் இரண்டு மூன்று bcdedit வரிகளையும் ஓட்டிவிட்டான். ஒரு பழைய 2டி கேம். "அண்ணா, எஃப்பிஎஸ் 59, 58னு காட்டுது. அது பரவாயில்ல. ஆனா ஓடும்போது விட்டு விட்டு இழுக்குது" என்று கொண்டுவந்தான்.

அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால், அவன் செய்த மூன்று வேலைகளில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதும் தெரிந்துவிடும். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

விண்டோஸின் டைமர் இயல்பாக 15.625 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை துடிக்கும், அதாவது செகண்டுக்கு 64 தடவை. ஒரு புரோகிராம் Sleep(10) என்று சொல்லித் தூங்கப் போனால், சரியாகப் பத்தாவது மில்லிசெகண்டில் யாரும் அதை எழுப்புவதில்லை. ஏதாவது ஒரு துடிப்பு வரும்போதுதான் எழுப்புவார்கள். கேட்ட நேரம் ஒரு துடிப்பைவிடக் குறைவு என்றால், அடுத்த துடிப்பிலேயே, கேட்டதற்கு முன்னாலேயேகூட, எழுந்துவிடலாம்.

இப்போது 60 எஃப்பிஎஸ்ஸில், அதாவது செகண்டுக்கு 60 ஃபிரேமில், தன்னைத்தானே கட்டிவைத்துக்கொள்ளும் ஒரு கேமை எடுத்துக்கொள்வோம். ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லிசெகண்டு. அதில் உண்மையான வேலை 6 மில்லிசெகண்டு என்று வைத்துக்கொள்வோம். மீதி நேரத்தில் கேம் தூங்குகிறது. சீக்கிரம் எழுந்துவிட்டால் மிச்ச நேரத்துக்குச் சும்மா சுற்றிக்கொண்டு காத்திருக்கிறது. முதல் ஃபிரேம் துடிப்போடு சேர்ந்து தொடங்கினால் சிக்கல் இல்லை: 6-இல் தூங்கி, 15.6-இல் எழுந்து, ஒரு மில்லிசெகண்டு சுற்றி, 16.67-இல் அடுத்த ஃபிரேம். ஆனால் 16.67-க்கும் 15.625-க்கும் உள்ள வித்தியாசம் 1.04. ஒவ்வொரு ஃபிரேமும் துடிப்பிலிருந்து அந்த அளவு தள்ளிப்போகிறது. பத்து ஃபிரேம் வரை சமாளிக்கும். பதினோராவது ஃபிரேம் வேலையை முடிக்கும்போது, அது பிடிக்க வேண்டிய துடிப்பு முக்கால் மில்லிசெகண்டுக்கு முன்னாலேயே போயிருக்கும். பஸ்ஸை விட்டவன் அடுத்த பஸ் வரும்வரை நிற்பதைப் போல, அது அடுத்த துடிப்பு வரை தூங்கிவிடும். எழும்போது 4.2 மில்லிசெகண்டு தாமதம். அந்த ஃபிரேம் மட்டும் 20.8 மில்லிசெகண்டு எடுக்கும். அப்புறம் மறுபடி துடிப்போடு ஒட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பம்.

பதினொரு ஃபிரேமுக்குப் பன்னிரண்டு துடிப்பு, அதாவது 187.5 மில்லிசெகண்டு. சராசரி போட்டுப் பார்த்தால் 58.7 எஃப்பிஎஸ். கவுன்ட்டர் சொல்லும் எண் கிட்டத்தட்ட 60. கண்ணுக்குத் தெரிவதோ செகண்டுக்கு ஐந்து தடவை வரும் ஓர் இழுப்பு. 60 ஹெர்ட்ஸ் திரையில், படத்தைத் திரையின் ரிஃப்ரெஷோடு கட்டிவைக்கும் வி-சிங்க்கும் போட்டிருந்தால் அந்த 4.2 அதோடு நிற்காது. படம் ஒரு ரிஃப்ரெஷைத் தவறவிட்டு, பழைய படமே இன்னொரு முறை நிற்கும்.

ஒவ்வொரு ஃபிரேமும் எடுக்கும் நேரத்தை அளக்கும் பிரசென்ட்மானில் தம்பியின் கேமை ஓட்டிப் பார்த்தோம். ஃபிரேம் டைம் கோடு சீப்புப் பல் மாதிரி சீரான இடைவெளியில் குத்திக்கொண்டு நின்றது. இப்படிச் சீராக வருகிறதென்றால் சந்தேகம் டைமர் மேல்தான். வெப்பமோ பின்னணி புரோகிராமோ காரணமென்றால் முட்கள் கண்டபடி வரும்.

சரி, அவன்தான் டைமரை 0.5-இல் பூட்டியிருந்தானே, பிறகு ஏன்? அவனும் இதையேதான் கேட்டான். டைமர் அளவைக் காட்டும் ClockRes டூலை ஓட்டிக் காட்டினான். திரையில் 0.500 ms என்றே இருந்தது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய விண்டோஸில் ஏதாவது ஒரு புரோகிராம் timeBeginPeriod(1) என்று கேட்டால் மொத்த சிஸ்டத்துக்கும் 1 மில்லிசெகண்டு கிடைத்தது. பின்னால் திறந்து கிடந்த பிரவுசரால் கேம் வழவழவென்று ஓடிய கதையெல்லாம் அந்தக் காலத்தில் உண்மை. 2020-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 2004 அதை மாற்றிவிட்டது. இப்போது கேட்டவருக்குத்தான் கிடைக்கும். டூல் கேட்டால் டூலின் தூக்கம் நுணுக்கமாகும். கேட்காத கேம் பழையபடி 15.6 கணக்கிலேயே எழும். ClockRes காட்டுவது ஹார்டுவேர் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதை. அந்தத் துடிப்பு யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது அதில் தெரியாது.

யார் கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்க, கேமை ஓடவிட்டு அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட் விண்டோவில்:

```
powercfg /energy /duration 10
```

வரும் energy-report.html-இல் டைமர் கோரிக்கைகள் பகுதியில் ஒவ்வொரு புரோகிராமின் பெயரும் இருக்கும். 100 நானோ செகண்டு கணக்கு என்பதால் 10000 என்று இருந்தால் அது 1 மில்லிசெகண்டு. தம்பியின் ரிப்போர்ட்டில் டூல் இருந்தது, பிரவுசர் இருந்தது, கேம் இல்லை. இன்றைய பெரிய கேம் எஞ்சின்கள் பெரும்பாலும் தாங்களே 1 மில்லிசெகண்டு கேட்டுக்கொள்கின்றன. அவற்றுக்கு வெளியே இருந்து எதையும் பூட்டத் தேவையே இல்லை.

விண்டோஸ் 11-இல் பழைய பொதுமுறைக்குத் திரும்ப ஒரு ரிஜிஸ்ட்ரி சாவி உண்டு. விண்டோஸ் 10-இல் அது வேலை செய்யாது.

```
reg add "HKLM\SYSTEM\CurrentControlSet\Control\Session Manager\kernel" /v GlobalTimerResolutionRequests /t REG_DWORD /d 1 /f
```

ரீஸ்டார்ட் செய்த பிறகு டூல் கேட்பது கேமுக்கும் போய்ச் சேரும். போட்டுப் பார்த்தோம், சீப்புப் பல் மறைந்தது. ஆனால் கேம் மூடிய பிறகும் டூல் ஓடிக்கொண்டிருந்தால் செகண்டுக்கு 64 துடிப்புக்குப் பதில் 2000. சிபியு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக இடைவெளியே கிடைக்காது. லேப்டாப்பில் அது நேராக பேட்டரியில் போய் விழும்.

1-ஆ 0.5-ஆ என்ற சண்டைக்கு மேலே போட்ட கணக்கே பதில். 15.6-இலிருந்து 1-க்கு வந்தால் 4 மில்லிசெகண்டு தாமதம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே போய்விடும். கொஞ்சம் முன்கூட்டியே எழுந்து சுற்றிக் காத்திருக்கும் கேம் அதையும் விழுங்கிவிடும். அதற்கப்புறம் 0.5-க்கு இறங்குவதில் மிச்சமாவது அரை மில்லிசெகண்டு. 144 ஹெர்ட்ஸ் திரையிலும் ஒரு ஃபிரேம் 6.9 மில்லிசெகண்டு. கண் இதைப் பிடிக்கிறது என்று சொல்பவர்கள் எது எதுவென்று தெரியாமல் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அடுத்தது பவர் பிளான். டைமர் கேமை எழுப்புகிறது, எழுந்த பிறகு சிபியு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பது பவர் பிளானின் வேலை. பேலன்ஸ்டில் சிபியுவின் குறைந்தபட்ச வேகம் வழக்கமாக 5 சதவீதம், ஹை பெர்ஃபார்மன்ஸில் 100. பழைய சிபியுக்களில் வேகத்தை ஏற்றி இறக்குவது விண்டோஸின் பொறுப்பு, அது மெதுவாகத்தான் முடிவெடுக்கும். அங்கே பிளானை மாற்றினால் வித்தியாசம் தெரிந்தது. 2015-இல் ஸ்கைலேக்கோடு இன்டெல் அந்த வேலையைச் சிப்புக்கே கொடுத்துவிட்டது, ஏஎம்டியும் பின்னால் அதே வழிக்கு வந்தது. இன்றைய மெஷினில், பிளக்கில் செருகியிருக்கும்போது, கனமான கேமில் இரண்டு பிளானுக்கும் இடையே ஃபிரேம் டைம் வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

லேப்டாப்பில் அது கெடுதலாகவும் முடியும். சிபியுவும் ஜிபியுவும் ஒரே ஹீட் பைப்பையும் ஒரே மின் அளவையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. சிபியு தேவையில்லாமல் உச்சத்தில் நின்றால் ஜிபியுவின் பங்கில் கை வைக்கும். பதினைந்து நிமிடம் கழித்து கிளாக் இறங்கும்போதுதான் அது தெரியும். முதல் இரண்டு நிமிடம் மட்டும் சோதித்துவிட்டு "சூப்பர்" என்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. ரைசன் 7950X3D போன்ற சிப்புகளில் இன்னொரு பக்கம் இருக்கிறது: பெரிய கேஷ் உள்ள பாதியில் கேமை நிறுத்த விண்டோஸ் மற்ற பாதி கோர்களைத் தூங்க வைக்க வேண்டும். அதற்கு பேலன்ஸ்டு தேவை. ஹை பெர்ஃபார்மன்ஸ் போட்டால் அந்தத் தூக்கம் கெட்டு, கேம் தப்பான பாதிக்கு ஓடும்.

பவர் செட்டிங் நிஜமாக உதவும் ஓர் இடம் உண்டு. அது ஜிபியு. பழைய இலேசான கேமில் ஜிபியு வேலையில்லாமல் கிளாக்கை இறக்கிக்கொள்ளும், திடீரென்று ஒரு கனமான காட்சி வந்தால் ஏறுவதற்குள் ஒரு ஃபிரேம் தப்பிவிடும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் அந்த ஒரு கேமுக்கு மட்டும் "Prefer maximum performance" வைத்தால் போதும். எல்லாவற்றுக்குமாக வைத்தால் வெறும் டெஸ்க்டாப்பிலும் ஃபேன் சத்தம்தான் மிச்சம்.

bcdedit வரிகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. useplatformclock போட்டால் நேரம் கேட்கும் ஒவ்வொரு முறையும் சிபியுவுக்குள் இருக்கும் கவுன்ட்டருக்குப் பதில் மதர்போர்டு கடிகாரத்தை வாசிக்க வேண்டிவரும். அது பல மடங்கு மெதுவு. கேம்களோ ஒரு ஃபிரேமுக்குள் எத்தனையோ தடவை நேரம் கேட்கும். disabledynamictick என்பது சும்மா இருக்கும்போதும் துடிப்பை நிறுத்தாதே என்று சொல்வது. அதனால் ஓடும் கேமுக்கு ஒரு லாபமும் இல்லை. இரண்டையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தோம்:

```
bcdedit /deletevalue useplatformclock
bcdedit /deletevalue disabledynamictick
```

ரிஜிஸ்ட்ரி சாவியால் இழுப்பு நின்றாலும் அதை நான் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பழைய கேமுக்காக மொத்த லேப்டாப்பும் 2000 துடிப்பில் ஓடுவது எனக்கு ஒப்பவில்லை. அந்த கேமின் செட்டிங் ஃபைலில் 60-இல் கட்டிவைக்கும் அதன் சொந்த லிமிட்டரை அணைக்க முடிந்தது. அதற்குப் பதில் ஆர்டிஎஸ்எஸ் என்ற வெளி லிமிட்டர் டூலில் அந்த கேமுக்கு மட்டும் 60 வைத்தோம். ஆர்டிஎஸ்எஸ் டைமர் துடிப்பை மட்டும் நம்பித் தூங்குவதில்லை, நேரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றிக் காத்திருக்கும். ஒரு கோர் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். ஆனால் கேம் ஓடும் நேரம் மட்டும்தான். போட்டி ஷூட்டர் ஆடுபவராக இருந்தால் இதே யோசனையைச் சொல்ல மாட்டேன். அங்கே கேமுக்குள் இருக்கும் லிமிட்டரில்தான் மவுஸ் தாமதம் குறைவு, அந்த கேம்கள் டைமரையும் தாமே கேட்டுக்கொள்பவை.

ஃபிரேம் டைம் கோடு நேராகிவிட்டது. தம்பி டைமர் டூலை அழித்துவிட்டான், பிளானை பேலன்ஸ்டுக்கு மாற்றினான். ஹை பெர்ஃபார்மன்ஸ் என்ற பெயரை விட மட்டும் மனசு வரவில்லை போல, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி அதிலேயே இருந்தது. கேட்டால், "பிளக்லதானே இருக்கு அண்ணா" என்கிறான்.