இடது கைக்காரர் வலது மணிக்கட்டில் வாட்ச் கட்டினால்: வழக்கமான கிரவுனா, இடப்பக்கக் கிரவுனா?

நான் இடது கைக்காரன், வாட்ச் கட்டுவது வலது மணிக்கட்டில். அப்படியானால் நேரம் திருத்தும் திருகான கிரவுன் 9 மணிப் பக்கம் இருக்கிற வாட்ச்தான் வாங்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான்.

சாதாரண வாட்ச்சை வலது கையில் கட்டினால் 3 மணிப் பக்கக் கிரவுன் முழங்கையைப் பார்த்துத் திரும்பிவிடும். தரையில் உள்ளங்கையை ஊன்றி எழுந்து பாருங்கள், புறங்கையில் எதுவும் குத்தாது. 9 மணிக் கிரவுன் வாட்ச்சை அதே கையில் கட்டினால் கிரவுன் விரல்கள் பக்கம் வரும், பெரிய கிரவுனாக இருந்தால் மணிக்கட்டை மடக்கும்போதெல்லாம் அழுத்தி, சாயங்காலம் சிவந்த தடம் தெரியும். ஆக, சொகுசில் சாதாரண வாட்ச்தான் மேல்.

சரி, இடப்பக்கக் கிரவுன் எதற்கு? கையிலேயே கட்டியபடி நேரம் திருத்த. இடது கை விரல்கள் நேராக அதன் மேல் போய் உட்காரும். சாதாரண வாட்ச்சில் விரல்களை வாட்ச்சைத் தாண்டி வளைத்துக் கொண்டுபோக வேண்டும், கிரவுனைக் கோணலாக இழுத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய தண்டுக்கும் நல்லதில்லை. தினமும் சாவி கொடுக்கிற வாட்ச் என்றால் இது தினசரித் தொல்லை, ஆனால் கழற்றிவிட்டுச் சாவி கொடுத்தால் அதுவும் தீர்ந்தது. பேட்டரி வாட்ச்சில் எப்போதாவதுதான் கிரவுனைத் தொடுவோம்.

இன்னொன்று, தேதிக் கட்டம் எங்கே என்று பாருங்கள். 2022-இல் வந்த ரோலெக்ஸின் இடப்பக்கக் கிரவுன் ஜிஎம்டி மாஸ்டர் II வாட்ச்சில் தேதியும் 9 மணிப் பக்கம்தான். வலது கையில் முழுக்கைச் சட்டை போட்டால் கைமுனைப் பக்கம் அதுதான் முதலில் எட்டிப் பார்க்கும்.