பத்தாயிரம் கூடினால்: பழைய முறையும் புதிய முறையும்

2025-26 நிதியாண்டுக்கு ஒரே ஆளை இரண்டு வருமான வரி முறையிலும் நிறுத்திப் பார்ப்போம். சென்னையில் வாடகை வீடு, ஊரில் சொந்த வீட்டுக்கு வங்கிக் கடன், ஆண்டுச் சம்பளம் 12,85,000 ரூபாய்.

புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போக, வரிக்குரிய வருமானம் 12,10,000. 12 லட்சம் வரை வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவுத் தள்ளுபடியால் வரியே கிடையாது. இவரோ அந்த 12 லட்சக் கோட்டைத் தாண்டி 10,000 போய்விட்டார். படிநிலைக் கணக்குப்படி வரி 61,500. பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு அறுபதாயிரத்துக்கு மேல் கட்டச் சொல்வது அநியாயம் என்பதால்தான் மார்ஜினல் ரிலீஃப். கோட்டைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது, அவ்வளவுதான். எனவே 51,500 தள்ளுபடியாகி, வரி 10,000 ஆகிறது.

ஆனால் அதன்மேல் 4% செஸ் உண்டு, மொத்தம் 10,400. ஆக, சரியாக 12 லட்சத்தில் நின்றவரைவிட இவர் கையில் 400 ரூபாய் குறைவு! கூடுதல் வருமானத்தைவிட வரி கூடாது என்ற பேச்சு செஸ்ஸைச் சேர்க்காத பேச்சு. நிவாரணமும் போகப் போகத் தேயும். வரிக்குரிய வருமானம் 12,70,000 என்றால் மிச்சமாவது வெறும் 500 ரூபாய். 12,70,588-ஐத் தாண்டினால் ஒன்றும் இல்லை.

சரி, பழைய முறை? நிலையான கழிவு 50,000, வீட்டு வாடகைப்படி விலக்கு 3 லட்சம், கடன் வட்டி 2 லட்சம், 80சி-யில் ஒன்றரை லட்சம், என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டத்தில் 50,000, மருத்துவக் காப்பீடு 25,000. எல்லாம் போக 5,10,000. இங்கே தள்ளுபடிக் கோடு 5 லட்சம். இங்கும் தாண்டியது அதே பத்தாயிரம்தான், ஆனால் 87ஏ-யில் இந்த முறைக்கு மார்ஜினல் ரிலீஃப் கிடையாது. வரி 14,500, செஸ்ஸோடு 15,080. புதியது சரிவு என்றால் இது செங்குத்துப் பள்ளம். வருமானம் 5,00,010 ஆனாலே 13,002 ரூபாய் கட்ட வேண்டும். பத்து ரூபாய்க்கு இவ்வளவு தண்டம்.

அப்படியென்றால் புதிய முறைதான் இவருக்கு 4,680 ரூபாய் லாபம். கணக்கை இங்கேயே மூடிவிடுபவர்கள்தான் அதிகம். நான் மூட மாட்டேன். பள்ளம் செங்குத்தாக இருந்தாலும், பழைய முறையில் அதன் விளிம்புக்குத் திரும்பி வர வழிகள் நிறைய. பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுக்கு 10,000 பிரீமியம் கட்டினால் 80டி-யில் தனிக் கழிவு கிடைக்கும். வருமானம் சரியாக 5 லட்சம், வரி பூஜ்யம். பத்தாயிரம் செலவில் 15,080 மிச்சம், காப்பீடு வேறு கையில். புதிய முறையில் இந்தக் கழிவு எதுவும் செல்லாது. நிறுவனமே என்பிஎஸ்-ஸில் போடும் பங்கைச் சம்பள அமைப்பிலேயே கேட்டு வாங்கியிருந்தால்தான் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எந்த முறை என்பதைச் சம்பளக்காரர் கணக்குத் தாக்கல் செய்யும்போதுகூட மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பிரீமியத்தை மார்ச் 31-க்குள் கட்டியிருக்க வேண்டும், அதுவும் ரொக்கமாக இல்லாமல்.