திருப்பாச்சேத்தி கத்தியும் நீலம் பாய்ந்த முனையும்

எங்கள் வீட்டுக் கத்தியைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதே மாதிரி பட்டறையில சொல்லி அடிக்கலாமா, இல்ல கடையில விக்கிற எவர்சில்வர் கத்தியே போதுமாப்பா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல மனசில்லை. போன மாதம்தான் அந்தக் கத்தியின் முனையைச் சாணை பிடிக்க வந்த ஒருவர் கெடுத்துவிட்டுப் போனார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கத்தி திருப்பாச்சேத்தியில் அடித்தது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில் இருக்கிற அந்த ஊர் அரிவாளுக்குப் பேர் போனது. சொல்லிவைத்தால் காய்கறிக் கத்தியும் அடித்துத் தருவார்கள். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்ததுதான். இந்த வகை இரும்பில் கார்பன் 0.6 சதவீதம் அளவுக்கு இருக்கும், குரோமியம் 1 சதவீதம் தேறினாலே பெரிசு. துருப்பிடிக்காத இரும்பு என்று சொல்ல குறைந்தது 10.5 சதவீதம் குரோமியமாவது வேண்டும். அவ்வளவு இருந்தால்தான் கத்தியின் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு குரோமியம் ஆக்சைடு படலம் மூடி நிற்கும். கீறினாலும் அந்தப் படலம் தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும். பட்டறைக் கத்திக்கு அந்தக் காவல் கிடையாது. அதில் வருகிற துரு பொருக்காகக் கிளம்பி, கீழே இருக்கிற இரும்பையும் திறந்துவிடும்.

வாழைப்பூ நறுக்கினால் இந்தக் கத்தி கறுத்துப்போகும், பூவும் கறுக்கும். பூவின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்வதால் வருகிற கறுப்பு அது. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் கத்திக்குக் கெடுதல் இல்லை. நாளாக ஆக அலகு முழுக்கச் சாம்பலும் கருநீலமுமாக ஒரு படிவு பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு துருவின் வேகமும் கொஞ்சம் குறையும். செங்காவி நிறத்தில் வருவதுதான் பகை. எலுமிச்சங்காய் நறுக்கிவிட்டு ஊறுகாய் வேலை முடியட்டும் என்று கத்தியை அப்படியே போட்டுவைத்தால், அலகின் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் தக்காளித் தோல்மேல் வைத்தால் வழுக்கும். ஓரம் அவ்வளவு மெல்லிசு என்பதால் புளிப்பும் உப்பும் முதலில் அரிப்பது அதைத்தான். என் நெடுநாள் எரிச்சல் இதுதான்: துரு கண்ணில் படுவதற்கு முன்பே கூர் போய்விடுகிறது. புளிப்பு எதை நறுக்கினாலும் உடனே கழுவி, ஈரம் ஒட்டாமல் துடைத்தே ஆக வேண்டும். இரவில் தேங்காய் எண்ணெய் ஒரு பூச்சு போதும். சூரியகாந்தி எண்ணெய் பூசினால் நாளடைவில் பிசுக்காக இறுகும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ள வைப்பது அதைத் தீட்டுகிற சுகம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற இருபக்கச் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு ஒரு பக்கமாகத் தேய்த்தால், மறுபக்கம் விரல் நுனியில் சொரசொரவென்று பிசிர் தட்டும். திருப்பி நாலு தேய் தேய்த்ததும் அந்தப் பிசிர் கழன்று விழும், கூர் வந்துவிடும். எவர்சில்வர் கத்தியில் அந்தப் பிசிர் லேசில் போகாது. இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் மடங்கும், அந்தப் பக்கம் தேய்த்தால் இந்தப் பக்கம் வரும். போதாததற்கு, அதிலிருக்கிற குரோமியத்தில் ஒரு பங்கு கார்பனோடு சேர்ந்து, சுற்றியுள்ள இரும்பைவிட மிகக் கடினமான குருணைகளாக உள்ளே கிடக்கும். கல் அவற்றைத் தேய்க்கத் திணறும். ஸ்பிரிங் பட்டையில் கார்பன் பெரும்பாலும் இரும்புக்குள்ளேயே கரைந்து பரவியிருப்பதால் கல்லுக்குத் தடையே இல்லை.

அதே குருணைகள்தான் எவர்சில்வரின் பலமும். தேய்மானத்தை அவை தாங்கும். அதனால் டப்பாவில் போட்டிருக்கிற கடின எண்ணை மட்டும் வைத்து ஒரு கத்தியை எடைபோட முடியாது. எச்.ஆர்.சி. 56 என்று போட்டிருந்தால், வைரக்கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தில் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று அளந்த எண் அது. ஓரம் மடங்காமல் நிற்குமா என்பதை அது சொல்லும். 52, 53 என்றால் பலகையில் தட்டத் தட்ட ஓரம் ஒரு பக்கமாகச் சாயும். 60க்கு மேலே போனால் சாயாது. ஆனால் எலும்பிலோ தேங்காய்ச் சிரட்டையிலோ பட்டால் பல் பல்லாகத் தெறிக்கும். தேய்மானம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அந்த எண்ணில் பாதி பதில்தான் இருக்கிறது.

இனி அந்த முனை விஷயம். வீட்டில் விசேஷம், கத்தி மழுங்கியிருக்கிறது என்று மதினி தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்திருக்கிறார். அவர் மோட்டார் சக்கரத்தில் தண்ணீர் காட்டாமல் பொறி பறக்கப் பிடித்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நன்றாகவே வெட்டியது. மறுநாள் காலையில் வெங்காயம் நறுக்கும்போது அடிப்பக்கம் வெட்டுகிறது, முன்பக்கம் நசுக்குகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் ஓரத்தை மேல்நோக்கிப் பிடித்துப் பார்த்தேன். நல்ல கூர் வெளிச்சத்தைக் காட்டாது. முனையிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளைக்கோடு மினுங்கியது, அதை ஒட்டி மயில்கழுத்து நீலம். ஒரு நல்ல அரத்தை எடுத்து ஓரத்தில் லேசாக உரசினேன். அடிப்பக்கத்தில் அரம் வழுக்கியது, நீலம் இருந்த இடத்தில் கறுக்கென்று பிடித்தது. அந்த இடம் மென்மையாகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நடந்தது இதுதான். கொல்லர் கத்தியைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தோய்த்ததும் அது கடினமாகும், ஆனால் கீழே விழுந்தால் உடையும். அந்த நொறுங்கும் குணம் போக, மறுபடி 200 டிகிரி அளவுக்கு லேசாகச் சூடுகாட்டி எடுப்பார். அதற்குப் பிறகு எப்போது அந்தச் சூட்டைத் தாண்டினாலும் கடினம் இறங்கும். நீலம் தெரிந்தால் ஏறக்குறைய 300 டிகிரி. சக்கரம் தொட்ட மெல்லிய நுனி அதைவிடவும் சூடேறியிருக்கும், ஏனென்றால் சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே இரும்பே இல்லை. எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் நீலம் மறைந்துபோகும், போன கடினம் திரும்பாது. பழைய கத்தி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் அந்தச் சக்கரம் பெரிதாகக் கெடுதல் செய்யாது, அவை தடித்த இரும்பு. அதனால் அந்த மனிதரின் பிழைப்பைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பிடித்திருந்தால் போதும் என்பதுதான் ஆத்திரம். கடைசியில் கல்லில் கையாலேயே தேய்த்து, கெட்ட இரும்பு முழுக்கப் போகும்வரை ஓரத்தைப் பின்னுக்குக் கொண்டுவந்தேன். அரம் அங்கேயும் வழுக்க ஆரம்பித்தபோது நிறுத்தினேன். முனை இப்போது கொஞ்சம் ஒல்லியாகிவிட்டது. நீலம் ஆழமாகப் போயிருந்தால் பட்டறைக்கே கொண்டுபோய் முழுக்கத்தியையும் மறுபடி காய்ச்சித் தோய்க்க வேண்டியிருந்திருக்கும்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் நாலு பேர் சமைக்கிறீர்கள், கத்தி கழுவும் தொட்டியிலேயே கிடக்கும். 56க்குக் குறையாத எவர்சில்வர் ஒன்றும் ஒரு சாணைக்கல்லும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதே பட்டறையில் ஆட்டுக்கறிக்கு இன்னொன்று சொல்லிவைத்திருக்கிறேன். எலும்பு படும் என்பதால் கடினத்தை ஒரு படி இறக்கி, ஓரத்தைக் கொஞ்சம் தடிப்பாக விடச் சொல்லியிருக்கிறேன்.