கட்டிவைத்த பையின் போட்டோவை நம்பி கேம்பிங் செட் வாங்காதீர்கள்

போன டிசம்பர் முதல் வாரம், மூணாறு பக்கத்துச் சூரியநெல்லியில் நானும் என் தம்பியும் ஒரு இரவு முழுக்க நனைந்து நடுங்கினோம். ஆன்லைனில் ஒரே ஒரு போட்டோவைப் பார்த்து வாங்கிய பழைய கேம்பிங் செட்தான் காரணம். 9,500 ரூபாய் போனது போகட்டும். அதே போட்டோவைப் பார்த்து இன்னொருவர் பணம் அனுப்பக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

போட்டோவில் இருந்தது இவ்வளவுதான். சுவரில் சாய்த்து வைத்த ஒரு பெரிய சாம்பல் நிறப் பை. பக்கவாட்டில் ஆரஞ்சு நிற டென்ட் உறை, பச்சைக் கயிற்றால் கட்டியது. அதை ஒட்டிய பாக்கெட்டில் லேபிள் பாதி கிழிந்த 1 லிட்டர் தண்ணீர் பாட்டில். பைக்கு அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு நீல ஸ்லீப்பிங் பேக் உருளைகள். உச்சியில் மாட்டியிருந்த ஹெட்லேம்ப். பார்க்க அழகாகத்தான் இருந்தது, நாளைக்கே மலையேறக் கிளம்பிவிடலாம் போல.

கீழே விற்பவர் எழுதியிருந்தது: "ரெண்டு பேர் டபுள் லேயர் டென்ட், அலுமினியம் ராடு. மைனஸ் 5 ஸ்லீப்பிங் பேக் ரெண்டு. 1000 லூமன்ஸ் ஹெட்லேம்ப். 60 லிட்டர் பேக். ஒரே தடவை யூஸ் பண்ணது." டென்ட்டை விரித்து ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேன். "பேக் பண்ணி வச்சாச்சு ப்ரோ, பிரிச்சா மறுபடி மடிக்கிறது கஷ்டம்" என்றார். நியாயமாகப் பட்டது. பணம் அனுப்பிவிட்டேன். பார்சல் வியாழன் சாயங்காலம் மதுரைக்கு வந்தது, வெள்ளி இரவு நாங்கள் போடிக்கு பஸ் ஏற வேண்டும். பிரித்துப் பார்க்க ஒரு நாள் இருந்தும் பிரிக்கவில்லை. அது என் தவறு.

போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி போய்ச் சேர்ந்தோம். தனியார் எஸ்டேட் ஒன்றில் டென்ட் போட இடம் வாடகைக்கு எடுத்திருந்தோம். உறையை அவிழ்த்ததும் தம்பிதான் முதலில் சொன்னான்: "அண்ணா, இதுல வெளி ஷீட்டே இல்லையே." தேடினோம். இருந்தது, ஆனால் டென்ட்டின் உச்சியை மட்டும் தொப்பி மாதிரி மூடும் சின்னத் துணி. உண்மையான டபுள் லேயர் டென்ட்டில் உள் டென்ட் தனி, அதன் மேல் தரை வரை இறங்கும் வெளி ஷீட் தனி. இரண்டுக்கும் நடுவே காற்றுப் போக இடம் இருக்கும். நம் மூச்சின் ஈரம் வெளி ஷீட்டின் உள்பக்கத்தில் படிந்து அப்படியே கீழே வழிந்துவிடும், நம் மேல் சொட்டாது. எங்களுக்கு வந்தது ஒற்றைத் துணி. மழை வருவதற்கு முன்பே, பத்து மணிக்கே, உள்சுவர் ஈரமாகிவிட்டது.

ஒரு மணி வாக்கில் மழையும் காற்றும் சேர்ந்து வந்தன. படீரென்று ஒரு சத்தம், டென்ட்டின் ஒரு பக்கம் முகத்தில் வந்து விழுந்தது. ராடு முறிந்திருந்தது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், இரும்புக் குழாய் சொருகும் இடத்தில் மூங்கில் சிம்பு மாதிரி நீளவாக்கில் பிளந்து, நரம்பு நரம்பாக நிற்கிறது. கையை வைத்த தம்பியின் விரலில் கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு ஏறிவிட்டது. அலுமினியம் அப்படிப் பிளக்காது, வளையும் அல்லது மடங்கும். இது ஃபைபர் கிளாஸ். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் குடையோடு வந்து, ஒரு மரக்குச்சியை வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுத்தார். அவர் இல்லையென்றால் இரவு முழுக்க அந்த ஈரத்துணியைக் கையால் தாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம்.

ஹெட்லேம்ப் அதற்கு முன்பே அணைந்துவிட்டது. முழு சார்ஜில் நாற்பது நிமிடம்கூட எரியவில்லை.

மறுநாள் விற்றவருக்கு போன் போட்டேன். அவர் சொன்ன பதில்: "போட்டோல என்ன இருந்துச்சோ அதைத்தான ப்ரோ அனுப்பியிருக்கேன்." அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார்.

கோபம் அடங்கிய பிறகு அந்த போட்டோவை மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். எழுத்தில் இருந்தது பொய், ஆனால் போட்டோ பொய் சொல்லவில்லை. கட்டிவைத்த பையிலிருந்தும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம், எப்படிப் பார்ப்பது என்று எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

முதலில் அந்தத் தண்ணீர் பாட்டில். அதே மாதிரி பாட்டிலை வாங்கி அளந்தேன், 27 சென்டிமீட்டர் உயரம். போட்டோவை லேப்டாப்பில் பெரிதாக்கி ஸ்கேல் வைத்தால், பாட்டில் 6 சென்டிமீட்டர், பக்கத்தில் டென்ட் உறை 14 சென்டிமீட்டர். அப்படியென்றால் உறையின் உண்மையான நீளம் சுமார் 63. வீட்டில் டேப் வைத்து அளந்தபோது 62 வந்தது. இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால்தான் இந்தக் கணக்கு சரியாக வந்தது. பாட்டில் முன்னாலும் டென்ட் பின்னாலும் இருந்தால் இதை நம்ப முடியாது.

63 சென்டிமீட்டர் என்ன சொல்கிறது? மலையேற்றத்துக்கான இரண்டு பேர் டென்ட்டில் அலுமினிய ராடுகளை மடக்கினால் ஒவ்வொரு துண்டும் பெரும்பாலும் 35 முதல் 45 சென்டிமீட்டர்தான் இருக்கும், உறையும் அதற்கேற்ப குட்டையாக இருக்கும். விலை குறைந்த ஃபைபர் கிளாஸ் ராடுகள் நீளமான துண்டுகளாக வரும். உறை 60 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஃபைபர் கிளாஸ் என்று சந்தேகப்பட வேண்டும். பெரிய குடும்ப டென்ட் என்றால் அலுமினியத்திலும் நீளம் வரும், அதனால் இதை வைத்து முடிவு கட்டாமல் ராடின் நுனியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே ஓட்டையான, மெல்லிய உலோகக் குழாயாக இருந்தால் அலுமினியம். கருப்பாக, தடியாக, ஒரு முனையில் மட்டும் இரும்புக் குழாய் மாட்டியிருந்தால் ஃபைபர் கிளாஸ். பையின் பின்னால் வட்டத் தட்டு மாதிரி கட்டியிருந்தால் அது தூக்கிப் போட்டால் தானே விரியும் பாப்-அப் டென்ட், அதைப் பைக்குள் வைக்கவே முடியாது. ஆனால் டபுள் லேயரா, ஒற்றைத் துணியா என்பது கட்டிய உறையில் தெரியவே தெரியாது. அதற்கு எடையைக் கேளுங்கள். எங்கள் டென்ட்டை வீட்டுத் தராசில் வைத்தேன், 1.4 கிலோ. இந்த விலையில் வரும் இரண்டு பேர் டபுள் லேயர் டென்ட் 2 கிலோவுக்கு மேலேதான் இருக்கும். ஒன்றரை கிலோவுக்குள் நல்ல டென்ட்டுகள் உண்டு, அதன் விலையில் எங்கள் மொத்த செட்டையும் இரண்டு தடவை வாங்கலாம்.

ஸ்லீப்பிங் பேக்கில்தான் நான் அதிகமாக ஏமாந்தேன். அதே பாட்டில் கணக்கில் நீல உருளையின் நீளம் 30, குறுக்களவு 18 சென்டிமீட்டர், அதாவது ஏழரை லிட்டர் கொள்ளளவு. மைனஸ் 5 டிகிரி தாங்கும் சிந்தெடிக் பஞ்சு வைத்த ஸ்லீப்பிங் பேக்கை அவ்வளவு சிறிதாக அமுக்க முடியாது, ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். இவ்வளவு சிறிதாகச் சுருங்க இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, உள்ளே வாத்து இறகு நிரப்பியிருக்க வேண்டும், அது விலை அதிகம். இல்லையென்றால் கோடைக்கான மெல்லிய பேக். 9,500 ரூபாய் செட்டில் இரண்டு இறகு பேக் வராது என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

உள்ளே தைத்திருந்த லேபிளில் மூன்று எண்கள் இருந்தன: கம்ஃபர்ட் 12, லிமிட் 8, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 5. விற்பவர் சொன்னது மூன்றாவது எண்ணை. இந்த அளவுமுறைக்கு EN 13537 என்றும், 2016-க்குப் பிறகு ISO 23537 என்றும் பெயர். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் நிம்மதியாகப் படுத்துத் தூங்கும் வெப்பநிலை. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு தூங்கக்கூடிய எல்லை. எக்ஸ்ட்ரீம் என்றால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவு மட்டும். அதில் தூக்கம் வராது, உடல் ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துபோகவும் கூடும். இந்த எண்கள்கூட அடியில் மேட் விரித்து, முழுக்கை உள்ளுடை போட்டுப் படுக்கும் கணக்கில் சொல்வது. போட்டோவில் எங்குமே சுருட்டிய மேட் இல்லை, அதையும் நான் கவனிக்கவில்லை. அன்றிரவு எஸ்டேட் அலுவலக வாசலில் தொங்கிய தெர்மாமீட்டர் 9 டிகிரி காட்டியது. மேட் இல்லாத ஈரத்தரை, நனைந்த பேக். தம்பிக்கு இரண்டு மணிக்குப் பல் கிட்டித்துவிட்டது. என் ஜெர்கினையும் அவனுக்குப் போட்டுவிட்டு, சமையல் கொட்டகை அடுப்பு ஓரத்தில் விடியும் வரை உட்கார வைத்தேன். அவனைக் கூட்டிப் போனவன் நான், அந்த நேரத்துப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே ஸ்லீப்பிங் பேக் விஷயத்தில் உருளையின் படம் போதாது. லேபிளின் படம், மூன்று எண்களும் தெரியும்படி கேளுங்கள். லேபிள் கிழிந்துவிட்டது என்றால், கோடைக்கான பேக் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

ஹெட்லேம்ப்பில் போட்டோ நிறையவே காட்டியது. முன்னால் பெரிய லென்ஸ், அங்கிருந்து பட்டையோடு ஓடும் வயர், பின்னால் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் 18650 என்ற சார்ஜ் செய்யும் பேட்டரி இருக்கும். வயர் இல்லாமல் முன்பக்கம் மட்டும் சின்னதாக இருந்தால் பெரும்பாலும் மூன்று AAA பேட்டரி போடும் ரகம், அல்லது உள்ளேயே சார்ஜ் ஆகும் ரகம். எங்கள் பெட்டியைத் திறந்தால் பேட்டரி மேல் 9900mAh என்று அச்சடித்திருந்தது. 18650 சைஸ் பேட்டரியில் நல்ல கம்பெனி தயாரிப்பே 3,500mAh வாக்கில்தான் வரும். நல்ல பேட்டரி பெரும்பாலும் 45 கிராம் வாக்கில் இருக்கும். நகைக்கடை வைத்திருக்கும் நண்பனின் தராசில் எங்களுடையது 27 கிராம். எத்தனை லூமன்ஸ் என்று போட்டோவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பேட்டரியை வெளியே எடுத்து, எழுத்து தெரிய ஒரு படம் கேட்டிருந்தால் எனக்கு அங்கேயே விஷயம் புரிந்திருக்கும்.

போன வாரம் அதே போட்டோவை வேறு பெயரில், வேறு குழுவில் பார்த்தேன். விலை 8,500. பை என் வீட்டு அலமாரி மேல் கிடக்கிறது, அங்கே இன்னும் "ஒரே தடவை யூஸ் பண்ணது" என்று போட்டிருக்கிறார்கள். சாம்பல் நிறப் பை, பச்சைக் கயிறு கட்டிய ஆரஞ்சு உறை, லேபிள் பாதி கிழிந்த தண்ணீர் பாட்டில். கண்ணில் பட்டால், ராடு நுனி, ஸ்லீப்பிங் பேக் லேபிள், பேட்டரி, இந்த மூன்று படங்களைக் கேளுங்கள். நான் என் இன்னொரு நம்பரிலிருந்து கேட்டுப் பார்த்தேன். படம் வரவில்லை, பிளாக்தான் வந்தது.