முன்வாசலா, பின்வாசலா: வீட்டுக்குப் பக்கத்துத் தண்ணீரைத் தேடும் மூன்று வழிகள்

செட்டிநாட்டு ஊர் ஒன்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் எந்தத் தெருக்குழாய், எந்த ஊரணி பக்கம் என்று பட்டியல் போட வேண்டும். கையில் இருப்பது வீடுகளின் ஜிபிஎஸ் புள்ளிகளும் தண்ணீர் எடுக்கும் இடங்களின் புள்ளிகளும்தான்.

முதல் வழி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எல்லா இடத்துக்கும் தூரம் கணக்கிட்டுக் குறைந்ததை எடுப்பது. 400 வீடு, 20 இடம் என்றால் 8,000 தூரங்கள். சாதாரண மடிக்கணினிக்கு இது கண் இமைக்கும் நேர வேலை. ஒரே ஊருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பதுதான் என் கருத்து.

இரண்டாவது, பக்கத்துப் புள்ளியை வேகமாகத் தேடித் தரும் scikit-learn நூலகத்தின் `BallTree`. அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே வைத்துக்கொண்டு உருண்டை பூமியின் மேல் தூரம் பார்க்க `haversine` அளவு உதவும். ஆனால் அது இரண்டு விஷயத்தில் கறார். கோணம் ரேடியனில் இருக்க வேண்டும், அட்சரேகை முதலில் வர வேண்டும். பாகையிலேயே கொடுத்துவிட்டால் 70 மீட்டர் குழாய் 4 கிலோமீட்டர் தள்ளி நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். வரிசை மாறினால்தான் ஆபத்து. காரைக்குடிப் பக்கம் அட்சரேகை சுமார் 10, தீர்க்கரேகை சுமார் 78.8. இடம் மாற்றிக் கொடுத்தால் நிரல் நம் ஊரைத் துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். கிழக்கு மேற்கு சரியாக வரும்; வடக்கு தெற்கு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். வடக்கே 100 மீட்டரில் இருக்கும் குழாய் 20 மீட்டர் என்று வரும், யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் வடக்கு தெற்காகப் போகும் தெரு ஒன்றில் டேப் பிடித்து 100 மீட்டர் அளந்து, அந்த இரண்டு புள்ளிகளைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, புள்ளிகளை மீட்டருக்கு மாற்றிக்கொண்டு (நம் பகுதிக்கு `EPSG:32644`) `cKDTree` போடுவது.

```python
from scipy.spatial import cKDTree
tree = cKDTree(sources_xy)
d, i = tree.query(doors_xy, k=4)
```

தாலுகா முழுக்க லட்சம் வீடு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். விடை மீட்டரிலேயே வருவதால் தப்பு நடந்தால் கண்ணில் படும்.

சரி, எது துல்லியம்? ஒழுங்காகப் போட்டால் மூன்றும் ஒரே விடைதான் தரும். மாற்றாமல் பாகையிலேயே நேர்கோடு போட்டால்கூட இந்த அட்சரேகையில் அதிகம் போனால் சுமார் 1.5 சதவீதம்தான் பிசகும். விடையை மாற்றுவது வீட்டுப் புள்ளியை எங்கே எடுத்தோம் என்பதுதான்.

நகரத்தார் வீடு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும். அப்படி ஒரு வீடு 60 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். புள்ளி முன்வாசலில் எடுத்தது. பின்தெருக் குழாய் அங்கிருந்து வடக்கே 65, கிழக்கே 35 மீட்டர், நேர்கோட்டில் 74. முன்தெருக் குழாய் மேற்கே 90 மீட்டர். மூன்று வழியும் பின்தெருக் குழாயைத்தான் காட்டும். ஆனால் அந்த நேர்கோடு வளவையும் பின்கட்டையும் சுவரோடு சேர்த்துத் துளைத்துக்கொண்டு போகிறது. பின்தெருவுக்குப் போகும் சந்து கிழக்கே 110 மீட்டரில் என்றால் நடை 110, 65, 75, ஆக 250 மீட்டர். குடத்தோடு திரும்புகிறவருக்கு 90 எங்கே, 250 எங்கே!

பின்வாசல் புழக்கத்தில் இருந்தால் கதை தலைகீழ். அங்கிருந்து அதே குழாய் 40 மீட்டர் நடைதான். ஓர் ஆச்சி சொன்னார்: "பெரிய கதவு விசேசத்துக்குத்தான் தம்பி திறப்போம். தண்ணிக்குப் பின்வாசல்தான்." முகப்பு பூட்டியே கிடந்து பின்கட்டில் மட்டும் ஆள் இருக்கும் வீடுகளும் உண்டு. ஆகவே வீட்டுக்கு ஒரு புள்ளி போதாது. திறக்கும் வாசல் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி எடுத்து, குறைந்த தூரத்தை அந்த வீட்டுக்கு வையுங்கள்.

ஊரணிக்கும் இதே கதைதான். வரைபடத்திலிருந்து நடுப்புள்ளியை எடுத்தால் அது தண்ணீருக்கு நடுவில் விழும். சுற்றுச்சுவர் கட்டிய குடிநீர் ஊரணியில் இறங்கும் வழி ஒரு பக்கம்தான் இருக்கும். புள்ளி அந்தப் படித்துறையில் இருக்க வேண்டும். வற்றிப்போனவற்றைத் தேடலுக்கு முன்பே பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

நடைதூரத்தை எல்லா இடத்துக்கும் அளக்கத் தேவையில்லை. அதற்குத்தான் மேலே `k=4`, அதாவது நேர்கோட்டில் மிகப் பக்கமான நாலு இடங்கள் மட்டும். நடை ஒருபோதும் நேர்கோட்டைவிடக் குறையாது. முன்வாசல் மட்டும் திறக்கும் அதே வீட்டில் 74 மீட்டர் குழாய்க்கு நடை 250, 90 மீட்டர் குழாய்க்கு 90. அடுத்தது நேர்கோட்டிலேயே 130 என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், அதற்கப்புறம் இருப்பது எதுவும் 90-ஐ வெல்லாது. நாலாவதும் அப்போதைய சிறந்த நடையைவிடப் பக்கமாக வந்தால் அந்த வீட்டுக்கு மட்டும் `k`-ஐக் கூட்டித் திரும்பத் தேடுங்கள்.