சதையில் ஊசியா, தோலில் புள்ளியா?

கடலூரில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். கடிபடும் முன்பே ரேபிஸ் ஊசி போடுவது பற்றி இந்த மாதம் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவன், குரும்பாப்பேட்டைக் கால்நடைக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் அண்ணன் மகன். இன்னொருவர் மஞ்சக்குப்பம் நண்பர். வீட்டில் மூன்று நாய், இரண்டு பூனை, ஆறு வயது மகள். மருந்து ஒன்றுதான், இருவருக்கும் நான் சொன்ன வழி வேறு.

எந்த வழியானாலும் மூன்று தவணை: முதல் நாள், 7ஆம் நாள், அப்புறம் 21 அல்லது 28ஆம் நாள். சதையில் போட்டால் ஆளுக்கு ஒரு முழுக் குப்பி. தோலுக்குள் போட்டால் வெறும் 0.1 மி.லி. ஆனால் கலக்கிய குப்பியைக் குளிரில் வைத்தாலும் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கணக்கே இங்கேதான் மாறுகிறது.

விடுதியில் பத்து பையன்கள் ஒரே நாளில் வந்தால், 0.5 மி.லி. குப்பி ஒன்றில் சிந்தியது போக நாலு பேருக்குப் போடலாம். நாளுக்கு 3, மொத்தம் 9 குப்பி. சதையில் என்றால் 30. அண்ணன் மகனிடம், "தனியா போகாதடா, கூட்டமா போ" என்றேன்.

நண்பரின் மகளோ ஒரே ஆள். தோலில் போட்டால் குப்பியில் முக்கால்வாசிக்கு மேல் வீண். தோலூசி சரியாக இறங்கினால் ஆரஞ்சுத் தோல் போல ஒரு சின்ன மேடு எழும்பும். எழும்பவில்லையென்றால் மருந்து கீழே போய்விட்டது, பக்கத்தில் மறுபடி போட வேண்டும். துள்ளுகிற பிள்ளையிடம் இது எளிதில்லை. அவளுக்குச் சதையூசிதான், மேல்கையில். பிட்டத்தில் வேண்டவே வேண்டாம். கொழுப்பில் மருந்து சரியாக வேலை செய்யாது.

"கடிச்சா பாத்துக்கலாமே?" என்றார் நண்பர். சரி, பார்ப்போம். பூனை விரலைக் கடித்து ரத்தம் வருகிறது. பிள்ளை 20 கிலோ. தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காக்க, குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புச் சீரம் போட வேண்டும். கிலோவுக்கு 40 யூனிட், ஆக 800. மில்லிக்கு 300 யூனிட் உள்ள மருந்தில் ஏறக்குறைய 2.7 மி.லி. அதைக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். சின்ன விரலில் எவ்வளவு போகும்? வலியைச் சொல்லவே வேண்டாம். அதற்கு மேல் சதையூசி 5.

முன்பே மூன்றும் போட்டவளுக்கு சீரம் கிடையாது. சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கு ஒன்று, 3ஆம் நாள் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டும் கட்டாயம். "அதான் போட்டாச்சே" என்று விட்டுவிடுவதுதான் நான் பயப்படும் தவறு.

போட்டதற்குச் சீட்டு இல்லாவிட்டால் டாக்டர் போடாத ஆளாகத்தான் எடுத்துக்கொள்வார். சீரமும் திரும்பி வந்துவிடும். நண்பர் மகளின் அட்டையை நாய்களின் தடுப்பூசிப் புத்தகங்களோடு ஒரே உறையில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார்.