ஆட்டோபே தோற்ற பிறகு: ஒரு பேமென்ட் கேட்வேயோடு என் அனுபவம்

மாதச் சந்தா வசூலுக்கு நீங்கள் வைத்திருக்கும் கேட்வே எப்படி என்று நண்பர் ஒருவர் கேட்டார். கமிஷன், டேஷ்போர்டு பற்றியெல்லாம் அவருக்கே தெரியும். பணம் வராத அந்த நாலைந்து நாட்களில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மளிகைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் தருகிறோம். மாதம் 499 ரூபாய், யுபிஐ ஆட்டோபே, ஒன்றாம் தேதி பிடித்தம். 2025 ஆகஸ்ட் முதல், யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் விதிப்படி ஒரு பிடித்தத்துக்கு ஒரு முயற்சி, அது தோற்றால் அதிகபட்சம் மூன்று மறுமுயற்சி. அதுவும் நெரிசல் நேரத்தில் நடக்காது: காலை 10 மணிக்கு முன், மதியம் 1 முதல் 5 வரை, இரவு 9:30-க்குப் பின் மட்டும்தான். எங்கள் கேட்வே அந்த மூன்றையும் அடுத்தடுத்த நாட்களில் செய்துவிடுகிறது. இதைப் பாராட்டத்தான் வேண்டும். கணக்கில் பணம் இல்லாமல் (`Z9` என்று காட்டும்) தோற்றவற்றில் பெரும்பாலானவை யாரும் யாரையும் கூப்பிடாமலே வந்துவிடுகின்றன.

என்னைக் கடுப்பேற்றுவது வேறு. ஒவ்வொரு தோல்விக்கும் அது எங்கள் பெயரில் வாடிக்கையாளருக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறது: "பணம் செலுத்த முடியவில்லை, உங்கள் சேவை நிறுத்தப்படலாம்." இதை நிறுத்த வழியே இல்லை. முதல் நாளே நிறுத்துவோம் என்றால் கடைக்காரர் பதறுவாரா, மாட்டாரா?

தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் பதறி, மதியமே எங்கள் நம்பருக்கு ஜிபேயில் 499 போட்டுவிட்டார். அது கேட்வேக்குத் தெரியாது. மறுநாள் இரவு மறுமுயற்சி ஓடி, இன்னொரு 499-ஐயும் எடுத்துவிட்டது. காலையில் போன். "தம்பி, ஒரு மாசத்துக்கு ரெண்டு வாட்டி எடுத்தா எப்படி?" திருப்பி அனுப்பிவிட்டோம், அதற்குள் அவர் ஆட்டோபேயையே ரத்து செய்துவிட்டார். "வெளியே பணம் வந்துவிட்டது, மறுமுயற்சியை விடு" என்று சொல்ல ஒரு பட்டன் கூட இந்த டேஷ்போர்டில் கிடையாது. சந்தாவையே ரத்து செய்தால்தான் நிற்கும். அப்படிச் செய்தால் வாடிக்கையாளர் அடுத்த மாதம் புதிதாக யுபிஐ பின் போட்டு அனுமதி தர வேண்டும்.

அதனால் எங்கள் நினைவூட்டல்களை அந்த மறுமுயற்சிகளை ஒட்டியே அமைத்திருக்கிறோம். பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு போய்விடுகிறது, ஆகவே முன்கூட்டி நாங்கள் எதுவும் அனுப்புவதில்லை. ஒன்றாம் தேதி தோற்றால் ஒரே ஒரு வாட்ஸ்அப்: "கணக்கில் பணம் போதவில்லை. 4-ம் தேதி வரை தானாகவே மீண்டும் எடுக்கும். தனியாக அனுப்ப வேண்டாம். சேவை வழக்கம்போல் நடக்கும்." அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் இந்த மெசேஜே. நாலாம் தேதி வரை பேமென்ட் லிங்க் எதையும் நாங்கள் அனுப்புவதில்லை. மறுமுயற்சி காத்திருக்கும்போது லிங்க் கொடுத்தால் இரட்டைப் பிடித்தம் வந்தே தீரும்.

மூன்றும் தோற்றால் 5-ம் தேதி லிங்க், கூடவே நிறுத்தும் தேதி. 8-ம் தேதி போன். பேசினால்தான் தெரியும், சில சமயம் அவர் வங்கிக் கணக்கையே மாற்றியிருப்பார். 13-ம் தேதி கடைசி அறிவிப்பு. 15-ம் தேதி இரவு, கடை சாத்திய பிறகு, புது பில் போடுவதை மட்டும் நிறுத்துவோம். சனி, ஞாயிறு வந்தால் திங்கள் இரவு. ரிப்போர்ட்டுகளை மாதம் முழுக்கத் திறந்தே வைக்கிறோம். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவருக்கு 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. அதற்கான கணக்கை 499 ரூபாய்க்காகப் பூட்டி வைத்து அவரை அபராதம் கட்ட வைப்பது நியாயமே இல்லை.

வாடிக்கையாளர் தன் செயலியிலேயே ஆட்டோபேயை ரத்து செய்திருந்தால் இந்த அட்டவணை பொருந்தாது. அங்கே எத்தனை மறுமுயற்சி செய்தாலும் பணம் வராது. முதல் நாளே கூப்பிட்டு, தொடர விருப்பமா என்று கேட்டு, புது அனுமதிக்கான லிங்க் அனுப்ப வேண்டும். தோல்விக்கான காரணத்தை கேட்வே தெளிவாகக் காட்டுகிறது, அதற்கும் ஒரு நல்ல மார்க் போடலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வசூல் நன்றாகவே நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் வாடிக்கையாளரிடம் என் பெயரில் என்ன பேசலாம் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மெசேஜை அணைக்கும் வசதி கேட்டு எழுதியிருக்கிறேன். அது வராவிட்டால் மார்ச்சோடு நானும் மாறுகிறேன்.